மண்ணாங்கட்டி என்கிற

வங்கி வக்கீலின் அறையில் அன்று காலை இருந்தவர்கள் இவர்கள்: வக்கீல், அவருடைய குமாஸ்தா, இறந்துபோனவரின் மனைவியான அம்மா, மூத்த மகன், அவன் மனைவி, மகள். மகளின் கணவன் கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தான், மாடிப்படி ஏறவில்லை. வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்த எல்லாரும் புளுகர்கள்.

அறையில் நாற்காலி போதவில்லை. கை வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் மூத்தவன் போய் உட்கார்ந்துகொண்டான். அம்மா முதுகில்லாத முக்காலியில் உட்கார்ந்தாள். முதுகு இருந்திருந்தாலும் அவள் சாய்ந்திருக்கமாட்டாள். மகன் கால்மேல் கால் போட்டுச் செருப்பை ஆட்டுவதைப் பார்த்தாள். இவனுக்கு இந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது என்று அவள் யோசித்ததுண்டு. அவன் அப்பாவிடமிருந்து வரவில்லை. அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார், எப்போது வேண்டுமானாலும் எழுந்து மூட்டை தூக்கப் போகிறவர் போல. இவன் மூட்டையைப் பார்த்ததோடு சரி.

வந்த காரியம் இதுதான். மகள் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் நடத்துகிறாள். விரிப்பு, தலையணை உறை, அறுவை அறையின் பச்சைத் துணி எல்லாம் கொதிநீரில் வெந்து வர வேண்டும். அவளுடைய கொதிகலனைச் சோதிக்க வந்த அதிகாரி, அடியில் இரும்பு மெலிந்துவிட்டது, இனி மூட்டக்கூடாது என்று முத்திரை வைத்துவிட்டுப் போய்விட்டான். புதிது வாங்க வேண்டும். வாங்கும்வரை வேறு ஒருவர் கூடத்தில் கூலி கொடுத்து வெளுத்து வாங்கிச் சமாளிக்கிறாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்தக் காலாண்டு முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் சொந்தக் கொதிகலன் மூளாவிட்டால் துணி வேறு ஆளுக்குப் போய்விடும். கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். கொதிகலனுக்கு வங்கி கடன் தரும், அடமானம் இருந்தால். அடமானத்துக்கு வீடு இருக்கிறது. வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது.

பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீதுகள், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வக்கீலின் மேஜைமேல் கிடந்தன. அவர் ஒன்றை எடுப்பார், இன்னொன்றின் பக்கத்தில் வைப்பார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், இறக்குவார். கடைசியில் கேட்டார்.

"யாரு இந்த மண்ணாங்கட்டி?"

மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். மூத்தவன் காலை இறக்கினான்.

"சார், கொஞ்சம் மரியாதையா பேசுங்க."

"நான் யாரையும் திட்டலை சார். பத்திரத்துல இருக்கிற பேரைக் கேட்கறேன். வீட்டை வாங்கினவர் பேரு மண்ணாங்கட்டின்னு போட்டிருக்கு. வரி ரசீதும் அதே பேர்லதான் இருக்கு. வில்லங்கத்துலயும் அதேதான். நீங்க குடுத்திருக்கிற இறப்புச் சான்றிதழ்ல மட்டும் வேற பேரு. பெரிய பேரு. வாரிசுச் சான்றிதழும் அந்தப் பெரிய பேருக்குத்தான் வாங்கியிருக்கீங்க."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகனைப் பார்த்தாள். மகன் மின்விசிறியைப் பார்த்தான்.

அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஊரில் எல்லாரும் நாளைக்கு நாலு தடவை சொல்லுகிற சொல். படிப்பாவது மண்ணாங்கட்டியாவது என்பார்கள், போடா மண்ணாங்கட்டி என்பார்கள். மகள் சின்னவளாக இருக்கும்போது அண்ணன் அவளை அப்படித் திட்டி, அம்மா கையில் இருந்த கரண்டியாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டான். ஏதோ வாயில் வரக்கூடாத கெட்ட வார்த்தை என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். அது அப்பாவின் பெயர் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்காமல் போனதால், இவன் மேலாவது யார் கண்ணும் படாமல் இருக்கட்டும் என்று பெற்றவள் வைத்த பெயர். அதே பெயரோடுதான் அவர் மண்டியில் மூட்டை சுமந்தார், அதே பெயரோடுதான் கல்யாணம் பண்ணிக்கொண்டார், அதே பெயரில்தான் வீட்டை வாங்கினார். கடை வைத்தபோது பலகை எழுத வந்தவன்தான் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு மறுத்தான். "மண்ணாங்கட்டி ஸ்டோர்ஸ்னு எழுதினா மண்ணு விக்கிறீங்கன்னு நினைப்பாங்க முதலாளி" என்றான். அவனே ஒரு நீளமான பெயரைச் சொன்னான். நாலு மாதத்தில் கடையின் பெயர் கடைக்காரரின் பெயராகிவிட்டது. அதற்குப் பிறகு வாங்கிய அட்டைகளிலெல்லாம் அந்த நீளப் பெயர்தான் ஏறியது.

"ரெண்டும் ஒரே ஆளுதான்" என்றாள் அம்மா.

"நீங்க சொல்றது சரிங்கம்மா. காகிதம் சொல்லணுமே. காகிதப்படி பார்த்தா, வீட்டுக்கார மண்ணாங்கட்டி இன்னும் உயிரோட இருக்காரு. செத்துப்போனவருக்கு இந்த ஊர்ல வீடே கிடையாது."

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டான். அம்மா அவனைப் பார்த்த பார்வையில் பொத்திய கை அப்படியே நின்றது.

"இறப்பைப் பதிய யார் போனது?" என்று கேட்டார் வக்கீல்.

"நான்தான்" என்றான் மூத்தவன்.

"வேற பேரு எதுவும் உண்டான்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

அவன் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தான். பதில் தேவைப்படவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. எப்போதோ, எந்தப் பெட்டியையோ குடைந்து, அப்பாவின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு அப்படியே மூடிவைத்திருக்கிறான். பெற்றவனைப் புதைத்த மண் காய்வதற்குள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் கேட்ட ஒரே கேள்விக்கு "கிடையாது" என்று சொல்லி, அவர் பெயரையும் சேர்த்துப் புதைத்துவிட்டு வந்திருக்கிறான்.

"சார், பத்திரத்தைத் திருத்திடலாம்ல?" என்றான்.

"திருத்தலாம். வித்தவரும் வாங்கினவரும் வந்து கையெழுத்துப் போடணும். வித்தவர் இருக்காரா?"

"செத்துட்டாரு" என்றாள் அம்மா.

"வாங்கினவர்?"

மூத்தவன் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தான். மருமகள் கைப்பையைத் திறந்து மூடினாள். "யாரையாவது பார்த்து, கொஞ்சம் கவனிச்சா…" என்று இழுத்தாள்.

"கவனிக்கிறதுக்கு இது ஒண்ணும் டிராபிக் போலீஸ் இல்லைங்க. நான் தப்பா எழுதிக் குடுத்தா, நாளைக்கு பாங்க் என் கழுத்தைப் பிடிக்கும்" என்றார் வக்கீல். கோபமே இல்லாமல்தான் சொன்னார். தினம் இதே யோசனையோடு யாராவது வருவார்கள் போலிருந்தது.

பிறகு செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் காட்டி, இறந்தவரை அறிந்த வெளியாட்கள் இருவரின் சாட்சியத்தோடு, இறப்புப் பதிவில் 'மண்ணாங்கட்டி என்கிற' என்று சேர்க்க வேண்டும். அதை வைத்து வாரிசுச் சான்றிதழைப் புதிதாக வாங்க வேண்டும். வேறு யாருக்காவது உரிமை இருந்தால் சொல்லலாம் என்று பத்திரிகையில் ஒரு அறிவிப்பு. அதன் பிறகுதான் தாய், மகன், மகள் மூவரும் சேர்ந்து வீட்டை அடமானம் வைக்கலாம்.

"மூணு பேருக்கும் பங்கு இருக்கு. ஒருத்தர் கையெழுத்து குறைஞ்சாலும் பாங்க் தொடாது. இல்லைன்னா ரெண்டு பேரும் உங்க பங்கை இவங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிஞ்சு குடுத்துடுங்க, இவங்க மட்டும் போட்டா போதும்."

"விடுதலையெல்லாம் வேணாம்" என்றாள் மருமகள். வக்கீல் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"அப்ப எல்லாரும் சேர்ந்து போட வேண்டியதுதான்."

"அடமானத்துல கையெழுத்துப் போடறேன்" என்றான் மூத்தவன். "தங்கச்சிக்காகத்தானே. ஆனா அந்த உறுதிமொழியில மட்டும் போட மாட்டேன்."

"ஏன்?"

"பேப்பர்ல வரும்."

மகளுக்கு முதலில் புரியவில்லை. "எது வரும் அண்ணா?"

"அந்தப் பேரு."

வக்கீல் காகிதங்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். அதற்குமேல் அது குடும்ப விஷயம். குடும்ப விஷயத்துக்கு அவர் கட்டணம் வாங்குவதில்லை.

மூத்தவன் ஊரில் ஒரு மன்றத்தில் துணைத்தலைவன். அந்த மன்றம் என்ன செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மாதம் ஒரு முறை கூடுவார்கள், ஒருவருக்கொருவர் மரியாதைக்குத் துண்டு போடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த தலைவனாக இவன் பெயர் அடிபடுகிறது. அழைப்பிதழில் இவன் பெயருக்கு முன்னால் அப்பாவின் நீளப் பெயர் முழுசாக அச்சாகும். ஓர் எழுத்தோடு நிறுத்த அவன் சம்மதிப்பதில்லை. அப்பா பருப்புக் கடை வைத்திருந்தார் என்று சொல்லமாட்டான், தானிய வணிகத்தில் இருந்தார் என்பான். மூட்டையைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் பேச்சு தொடங்கியது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். மகள் சுவரோரம் நின்றாள். அவள் கைகளில் சலவைச் சோடாவின் வெள்ளை ஏறியிருந்தது. எத்தனை கழுவினாலும் போவதில்லை.

"அண்ணா, நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை."

"நான் இல்லைன்னு சொல்லலையே. அடமானத்துல போடறேன்னு சொல்றேன்ல?"

"அது இல்லாம இது நடக்காதாம். வக்கீல் சொன்னாருல்ல?"

"வேற வக்கீலைப் பாரு."

"பாங்க் வக்கீலை நான் எப்படி மாத்தறது? அவங்களா வெச்ச ஆளு."

"வேற பாங்க்கைப் பாரு."

"எல்லாப் பாங்க்கும் இதையேதான் கேட்கும் அண்ணா."

மருமகள் குறுக்கே வந்தாள். "இல்லை, உங்க அண்ணன் சங்கடத்தையும் யோசிக்கணும்ல. மன்றத் தேர்தல் வருது. இந்த நேரத்துல பேப்பர்ல அப்படி ஒரு பேரு வந்தா, எல்லாரும் இவரை எப்படிக் கூப்பிடுவாங்க? மண்ணாங்கட்டி பையன்னு கூப்பிடுவாங்க. அத்தை, நீங்களே சொல்லுங்க, நம்ம குடும்ப மானம் என்ன ஆகறது?"

அம்மா அதுவரை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மானம் என்ற சொல் வந்ததும் திரும்பினாள்.

மானத்தைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்தின் மானத்தை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்தவள். கடனுக்கு வாங்கிய அரிசியில் ஒரு பிடி குறைந்தாலும் திருப்பிக் கொடுக்கிறவரை தூங்காதவள். கணவர் எந்தப் பெயரோடு மூட்டை தூக்கினாரோ, அதே பெயரோடு பத்திரப்பதிவு அலுவலகத்தில் நின்று, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். பதிவாளர் பெயரைக் கூப்பிட்டபோது கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனாவை உதறினார், போட்டார். அந்தச் சிரிப்பையெல்லாம் விலைக்கு வாங்கியது போல வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெயரை இன்னொருவர் வசவாகப் புழங்குவதை அவள் கேட்கச் சகிக்கமாட்டாள், அதனால்தான் கரண்டி.

வருஷா வருஷம் வீட்டு வரி கட்டப் போனதும் அவள்தான். ஜன்னலில் பெயரைக் கேட்பார்கள். சத்தமாகச் சொல்லுவாள். அவளுக்குப் பின்னால் நிற்பவர்கள் நெளிவார்கள். அவள் நெளியமாட்டாள். இவன் ஒரே ஒரு வருஷம், ஒரே ஒரு தடவை, போய்க் கட்டியிருந்தால் வீடு எந்தப் பெயரில் இருக்கிறது என்று ரசீதில் பார்த்திருப்பான். பதிவு ஜன்னலில் 'கிடையாது' என்று சொல்லத் துணிந்திருக்கமாட்டான். கட்டவில்லை. அப்பா வீட்டின் மாடி அறை அவனுக்கு வேண்டும், வரி ரசீது வேண்டாம்.

"சரிடா" என்றாள் அம்மா. "நீ உறுதிமொழியில போட வேணாம்."

மகள் தலை தூக்கினாள். மருமகளின் முகம் மலர்ந்தது.

"அத்தை புரிஞ்சுக்கிட்டாங்க பாருங்க" என்றாள்.

"புரிஞ்சுக்கிட்டேன். மண்ணாங்கட்டி உன் அப்பா இல்லைங்கறே. அவ்வளவுதானே? அதையே எழுதிக் குடு. இந்தப் பத்திரத்துல இருக்கிற மண்ணாங்கட்டி என் அப்பா இல்லை, எனக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஒரு முத்திரைத்தாள்ல எழுதி, நோட்டரிகிட்டப் போயி கையெழுத்துப் போட்டுக் குடு."

"அம்மா, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"பேரைக் கேட்டவன்கிட்ட வேற பேரு கிடையாதுன்னு சொன்னியே. அதைவிட வேற எப்படிடா சொல்றது? வீடு மண்ணாங்கட்டியோடது. மண்ணாங்கட்டிக்கு ஒரு பொண்டாட்டி. நான். என் அட்டையில கணவர் பேரு என்ன போட்டிருக்குன்னு பாரு." இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து அடையாள அட்டையை எடுத்து நாற்காலியின் கைமேல் வைத்தாள். கணக்கெடுக்க வந்தவரிடம் அவள், கல்யாணத்தன்று கணவருக்கு இருந்த பெயரைத்தான் சொல்லியிருந்தாள். "மண்ணாங்கட்டிக்கு ஒரு மக. அவ உறுதிமொழியில போடறா. மகனா இருக்கிறவன் வந்து போடட்டும். இல்லாதவன் மாடியைக் காலி பண்ணிட்டு, பெரிய பேருக்காரர் எங்க வீடு வாங்கி வெச்சிருக்காரோ அங்க போகட்டும்."

மூத்தவன் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏங்க" என்றாள் மருமகள். அவள் குரல் அடியோடு மாறியிருந்தது. "ஒரு கையெழுத்துதானே."

"நீதானே இப்ப மானம்னே?"

"மானம் வேற, பங்கு வேற. போடுங்க."

"தேர்தல்?"

"தேர்தலாவது மண்ணா…" என்று ஆரம்பித்து, மாமியார் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கினாள்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். அவளுக்கு ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை. பெற்றவன் பெயருக்காக வராத கையெழுத்து, பங்கு என்றதும் வந்துவிட்டது. அதை வாங்கிக்கொள்வது தரையில் கிடப்பதைக் குனிந்து எடுப்பது போலிருந்தது. ஆனால் கொதிகலன் வேண்டும். குனிந்தாள். அவள் குனிந்தது அந்த ஒரு தடவைதான்.

நோட்டரியின் அறை ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்புறம் இருந்தது. மூத்தவன் வாசலில் யாராவது தெரிந்தவர்கள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு நுழைந்தான். உறுதிமொழியை நோட்டரி வாய்விட்டுப் படித்தார். படிக்காமல் கையெழுத்து வாங்குகிற நோட்டரிகளும் உண்டு. அன்றைக்கென்று இவர் படித்தார். மண்ணாங்கட்டி என்கிற இன்னார், இன்னார் என்கிற மண்ணாங்கட்டி, இருவரும் ஒருவரே, வேறு வேறு நபர்கள் அல்ல. ஒவ்வொரு தடவையும் மூத்தவனின் தோள் இறங்கியது. மகள் முதலில் போட்டாள். அம்மா தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். மூத்தவன் கடைசியாகப் போட்டான். அவன் கையெழுத்து எப்போதும் கோழி கிளறியது போல இருக்கும். அன்று அதிகம் கிளறியிருந்தது.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், அதுவும் குடும்பத்தாராக இருக்கக்கூடாது. மன்றத்து நண்பர்கள் யாரையாவது கூட்டி வருகிறேன் என்றான் மூத்தவன். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பான்.

"படிக்காம போடறவன் சாட்சி இல்லைடா. அவரை அந்தப் பேர்ல கூப்பிட்டவங்கதான் சாட்சி" என்று சொல்லிவிட்டு அம்மா மண்டித் தெருவுக்குப் போனாள். ஒரு காலத்தில் எடை போட்டவர் ஒருவர் அங்கே இருந்தார். தெரு முழுக்க அவரைத் தராசு என்றுதான் கூப்பிடும். அவருக்குக் காது மந்தம், அதனால் அடுத்தவர் காதும் மந்தம் என்று நினைத்துப் பேசுவார். இரண்டாவது ஆள், பக்கத்து வீட்டில் வெகுகாலமாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை.

பதிவு அலுவலகத்தில் வரிசையாக மரப்பெஞ்சுகள். பிறப்புக்கு வந்தவர்கள் ஒரு பக்கம், இறப்புக்கு வந்தவர்கள் ஒரு பக்கம். அலுவலர் தராசைக் கூப்பிட்டு, இறந்தவரை எந்தப் பெயரால் அறிவீர்கள் என்று கேட்டார்.

"யாரை?"

"இறந்தவரை!"

"ஓ, மண்ணாங்கட்டியா!" தராசின் குரல் கூரையில் மோதித் திரும்பியது. பிறப்புப் பக்கத்தில் ஒரு குழந்தை விழித்து அழுதது. "எங்க மண்ணாங்கட்டியா! அவனை மாதிரி ஒருத்தன் இந்தத் தெருவிலேயே கிடையாதுய்யா. பெரிய பேரெல்லாம் அப்புறம் வந்தது. எனக்கு எப்பவும் மண்ணாங்கட்டிதான். அவனும் திரும்பிப் பார்ப்பான். முதலாளி ஆனப்புறமும் பார்ப்பான்." மூத்தவன் பக்கம் திரும்பினார். "நீ மண்ணாங்கட்டி மவன்தானே? மூக்கு அப்படியே இருக்கே!"

பெஞ்சில் இருந்த எல்லாரும் மூக்கைப் பார்த்தார்கள். மூத்தவன் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டான். தும்மல் வருகிறது என்று யாரோ நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியை தன் முறை வந்தபோது அதே விஷயத்தை அமைதியாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அலுவலர் பள்ளிச் சான்றிதழையும் அம்மாவின் அட்டையையும் உறுதிமொழியையும் ஒப்புப் பார்த்து, பதிவேட்டின் ஓரத்தில் திருத்தம் எழுதி ஒப்பமிட்டார். திருத்திய சான்றிதழ் கைக்கு வந்தபோது அதில் அந்தப் பெயர் முன்னால் இருந்தது, நீளப் பெயர் 'என்கிற'வுக்குப் பின்னால் வந்திருந்தது. அதுதான் முறை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அவர் வந்த வரிசையும் அதுதானே.

வாரிசுச் சான்றிதழ் மறுபடியும் விண்ணப்பித்து, தெருவில் விசாரித்து, கிடைக்கக் கொஞ்சம் இழுத்தது. இதற்கிடையில் வக்கீல் பத்திரிகை அறிவிப்பைக் கொடுத்தார். பின் பக்கங்களில், பழைய வண்டி விற்பனைக்கும் காணாமல்போன நாய்க்கும் நடுவில், கட்டம் கட்டி வந்தது. யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. காலாண்டு முடிய இன்னும் நாள் இருக்கும்போதே மூவரும் வங்கிக்குப் போய், மூலப் பத்திரத்தை ஒப்படைத்து, அடமானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கடன் வந்தது. கொதிகலன் லாரியில் வந்து இறங்கியது. சோதனை அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு மூட்டச் சொன்னான். ஆஸ்பத்திரி விரிப்புகள் மறுபடியும் மகளின் கூடத்தில் வெந்தன. அம்மா போய்ப் பார்த்தாள். ஆவி முகத்தில் அடிக்க, வெள்ளைத் துணிகள் கொடியில் ஏறுவதைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, வண்டி வேண்டாம் என்று சொல்லி நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

மன்றத்தில் யாரோ அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். யார் இந்த மண்ணாங்கட்டி என்று துணைத்தலைவனைக் கேட்டார்கள். முத்திரைத்தாளில் உண்மையைச் சொல்லி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டவன், காப்பிக் கோப்பையோடு நின்ற நாலு பேர் முன்னால் சொல்ல முடியாமல் விழுங்கினான்.

"அது ஒண்ணுமில்லைங்க" என்றான். "முன்னாடி அந்த வீட்டுக்குச் சொந்தக்காரன். ஏதோ பழைய பத்திர விவகாரம்."

அவ்வளவுதான். அந்த ஒரு வாய் வார்த்தை தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து கடைத்தெருவுக்குப் போனது, போகிற வழியில் கை கால் முளைத்தது. தலைவர் தேர்தலில் அவன் தோற்றான். பெயருக்காக இல்லை, அவனைவிட அதிகத் துண்டு போடக்கூடிய ஆள் ஒருவன் கிடைத்துவிட்டான். ஆனால் பேச்சு நிற்கவில்லை. யாரோ மண்ணாங்கட்டி என்ற ஏழை மனிதனின் வீட்டை இந்தக் குடும்பம் ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டது என்றும், அவன் வாரிசுகள் எங்கோ தவிக்கிறார்கள் என்றும், அந்தப் பாவத்தை மறைக்கத்தான் பத்திரிகையில் சின்ன எழுத்தில் போட்டார்கள் என்றும் இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவின் காதில் அது விழுந்தபோது அவள் வரி கட்டும் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நின்ற இருவர் கிசுகிசுத்தார்கள். அவள் திரும்பவில்லை. ஜன்னலுக்குள் இருந்தவர் பெயரைக் கேட்டார். வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னாள்.

ஊரில் சொல்லுவது பொய். வீட்டை யாரிடமிருந்தும் யாரும் பிடுங்கவில்லை. மண்ணாங்கட்டி என்று வேறு ஒரு ஆள் கிடையாது. மண்ணாங்கட்டிதான் அந்த வீட்டை வாங்கியவர். அவருடைய வாரிசுகள் எங்கும் தவிக்கவில்லை. ஒருத்தி அவருடைய மகள், துணி வெளுக்கிறாள். இன்னொருவன் அவருடைய மகன், மாடியில் குடியிருக்கிறான்.